நொண்டாத கால்

ஹாலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் தரையில் பழுப்பாக வட்ட வட்டக் கறை இருந்ததை முதலில் பார்த்தது நானில்லை. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் மௌஷிதான் பார்த்தார் (மராத்தியில் சித்தி என்று அர்த்தம், மும்பையில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவோம்). ஆகஸ்டு மாதம், செம்பூரில் மூன்று நாளாக விடாத மழை. குடையிலிருந்து சொட்டிய துருத் தண்ணீர் என்றுதான் நான் நினைத்தேன். மௌஷி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "தாயி, இது நடக்குது பாருங்க" என்றார். குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு கறைக்கும் அடுத்த கறைக்கும் சரியாக இரண்டு எட்டு இடைவெளி, எல்லாமே வலது பக்கம். பாத்ரூம் வாசலில் திரும்பி, பால்கனியில் அப்பாவின் நாற்காலிக்குக் கீழே போய் நின்றது. அப்பா அங்கே உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார், கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

காலைத் தூக்கச் சொன்னேன். பெருவிரலுக்குக் கீழே, பாதத்தில் பந்து மாதிரி திரண்டிருக்குமே, அந்த இடத்தில் மஞ்சளாகத் தடித்த காய்ப்பு, அதன் நடுவில் பட்டாணி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி ஈரமாக, வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. லேசான நாற்றம். நான் போட்ட சத்தத்தில் அப்பாதான் பயந்துவிட்டார். "என்னாச்சு பாப்பா?" என்று என்னைக் கேட்கிறார். அவர் காலைப் பார்த்து, அவர் என்னைக் கேட்கிறார்.

"வலிக்கலையாப்பா?"

"வலிக்கவே இல்லையே."

இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. சென்னையிலிருந்து அண்ணன் போனில், "அலட்சியம், வேற ஒண்ணுமில்ல, வலிச்சிருக்கும், சொல்லாம மறைச்சிருக்காரு" என்றான். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த மனுஷன், பல்வலியைக்கூட வெளியே சொல்லமாட்டார். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது மறைத்தவரின் முகம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சாவைக் கேள்விப்பட்டவர் மாதிரி இருந்தார், தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம்போல. அதுதான் எனக்கு ஆறவேயில்லை. இவ்வளவு பெரிய ஓட்டை, அதன்மேல் நடந்திருக்கிறார், முருகன் கோயில் படி ஏறியிருக்கிறார், தெரியவில்லை என்றால் எப்படித் தெரியாமல் போகும்?

ஒரு செருப்பு தொலைந்த கதை

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து இருபத்து மூன்று வருடம். மாத்திரை, பிறகு இன்சுலின், காலையில் நடை, எல்லாம் மற்ற வீடுகளில் நடக்கிற மாதிரிதான். பின்னோக்கிப் பார்த்தால் சேதி அப்போதே வந்திருக்கிறது, எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் குர்லா ஸ்டேஷனிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். பாலத்தில் கூட்டம், யாரோ மிதித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார், நாங்களும் சிரித்தோம். மும்பை லோக்கலில் செருப்பு போவது ஒரு விஷயமா? ஆனால் அவர் செருப்பு போனதைக் கவனித்தது எப்போது தெரியுமா? ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, டிரைவர் சொல்லித்தான். ஸ்டேஷன் பாலத்திலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் அந்த மனுஷன் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் தரையுமாக நடந்திருக்கிறார். பிற்பாடு டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நடக்கும்போது செருப்பு கழன்று போவதே தெரியவில்லை என்று யாராவது சொன்னால், வேறு டெஸ்ட் வருவதற்கு முன்னாலேயே பாதி பதில் கிடைத்துவிடும் என்றார்.

இன்னொன்றும் இருந்தது, அதுதான் எங்களை ரொம்ப ஏமாற்றியது. அப்பாவுக்கு ராத்திரியில் பாதம் எரியும். மிளகாய்ப்பொடியைத் தடவின மாதிரி இருக்கிறது என்பார், கட்டிலை விட்டு இறங்கித் தரையில் காலை அழுத்திக்கொண்டு நிற்பார். அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும், அப்பாவுக்கும்கூட, காலில் உணர்ச்சி போயிருக்கும் என்று சந்தேகமே வரவில்லை. இவ்வளவு எரிகிறதே, உணர்ச்சி எக்கச்சக்கமாக அல்லவா இருக்கிறது! இது தப்புக் கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த எரிச்சல் பாதத்தில் நடக்கிற எதைப் பற்றிய தகவலும் இல்லை. கெட்டுக்கொண்டிருக்கும் நரம்பு தானாகவே எழுப்பும் சத்தம் அது. வெளியே தீ இல்லாமலே அலறுகிற அலாரம் மாதிரி. அதே அலாரம் நிஜமாகத் தீப்பிடித்தால் வாயைத் திறக்காது. ஒரே காலில் எரிச்சலும் மரத்துப்போனதும் ஒன்றாகவே குடியிருக்கலாம். இதை யாராவது பத்து வருடத்துக்கு முன்னால் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

டிரெஸ்ஸிங் அறையில் இருபது நிமிடம்

முதலில் போனது தெருமுனை டாக்டரிடம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான். காய்ப்பைத் தொடவே இல்லை. ஆன்டிபயாட்டிக், ஒரு களிம்பு, தினமும் டிரெஸ்ஸிங், மூன்று வாரம். "வலி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. "அப்ப பயப்பட வேண்டாம்." மூன்று வாரத்தில் புண் அப்படியே இருந்தது. சர்க்கரை மட்டும் ஏறியது. எப்போதும் காலையில் 150, 160 என்று இருப்பது ஒரு வாரமாக 260-ஐத் தாண்டியது. ஆடிக் கூழ் குடித்ததால் என்று அப்பா கணக்குச் சொன்னார். வலிக்காத காலில் உள்ளே சீழ் பிடித்தால் இப்படித்தான் தெரியவரும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, நாற்றம், குளிர் நடுக்கம், காலில் சூடு. வலி கடைசியாகத்தான் வரும், வராமலும் போகும். மரத்த காலில் திடீரென்று வலி வந்தால் அது நல்ல செய்தி இல்லை, புண் ஆழத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தமாக இருக்கலாம்.

அப்புறம் சயானில் பாதப் புண்களை மட்டும் பார்க்கும் ஒரு சர்ஜனிடம் போனோம். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த டிரெஸ்ஸிங் அறையில் நான் பார்த்ததால்தான்.

அப்பாவைப் படுக்கவைத்து, பாதத்தைக் கழுவி, விளக்கை இழுத்து வைத்தார்கள். டாக்டர் முதலில் கணுக்காலிலும் பாதத்தின் மேற்புறத்திலும் விரல் வைத்து நாடி பார்த்தார். இரத்தம் நன்றாக ஓடுகிறது என்றார். அது முக்கியம், ஓட்டம் இல்லாவிட்டால் இனிமேல் அவர் செய்யப்போகிற எதையும் செய்யமுடியாது. பிறகு ஒரு பிளேடை எடுத்துக் காய்ப்பைச் சீவ ஆரம்பித்தார். ஊசி போடவில்லை. மரத்துப்போக எதுவும் தடவவில்லை. சீவச் சீவ, மெழுகு மாதிரி தகடு தகடாக வந்தது. அடியில் கருஞ்சிவப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. காய்ந்த இரத்தம். இது வெளியே ஓட்டை விழுவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே உள்ளே கசிந்தது என்று காட்டினார். காய்ப்பில் கறுப்புப் புள்ளி தெரிந்த அன்றைக்கே வந்திருந்தால் சீவிவிட்டு அனுப்பியிருப்பாராம். அதற்குப்பின் செத்த சதையை வெட்டினார். ஓரங்களில் சிவப்பு இரத்தம் துளிர்க்கும்வரை வெட்டினார். இரத்தம் வந்தால்தான் உயிருள்ள இடத்தைத் தொட்டிருக்கிறோம் என்று அர்த்தம். பட்டாணி அளவு இருந்த ஓட்டை, முடிக்கும்போது பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது. வெளியே தெரிந்தது வெறும் வாசல்தான், வீடு காய்ப்புக்கு அடியில் இருந்திருக்கிறது.

இந்த இருபது நிமிடமும் அப்பா நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். நர்ஸ் நாகர்கோவில் பக்கம், அப்பாவுக்குத் திருநெல்வேலி. கேட்கவேண்டுமா? வள்ளியூரில் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று சொந்தம் தேடிக்கொண்டிருக்கிறார். டாக்டர் பிளேடை உள்ளே விட்டுத் திருப்பும்போது அப்பா சிரிக்கிறார். என் வலது பாதத்தில், அதே இடத்தில், கூச்சமெடுத்துக் கால் தானாகப் பின்னால் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் காலை வெட்டுகிறார்கள், என் கால் சுருங்குகிறது, அவர் கால் அசையவில்லை. அந்த நிமிடத்தில்தான் "மறைச்சிருக்காரு" என்ற பேச்சு எனக்குள் செத்துப்போனது. மறைக்க அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை.

கடைசியாக நுனி மழுங்கிய ஓர் உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்த்தார். கல்லில் தட்டின மாதிரி டக்கென்று பட்டால் எலும்பைத் தொட்டுவிட்டது என்று பொருள், எலும்பிலேயே கிருமி ஏறியிருக்கும் என்று சந்தேகிக்க வேண்டும். படவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது, ஆனாலும் மூன்று வாரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொன்னார். எலும்பு அரிப்பது முதல் இரண்டு வாரத்துக்கு எக்ஸ்ரேயில் தெரியாதாம்.

இழை வளையும்வரை

அன்றைக்கே உணர்ச்சியையும் சோதித்தார்கள். பெரிய மெஷின் எதுவும் இல்லை. ஒரு கைப்பிடியில் பொருத்திய நைலான் இழை, தூண்டில் நரம்பு மாதிரி. தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். வளைந்ததும் எடுத்துவிட வேண்டும். முதலில் அப்பாவின் கையில் குத்திக் காட்டி, இதுதான் உணர்ச்சி என்று புரியவைத்தார்கள். அப்புறம் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் அங்கங்கே, காய்ப்பு இல்லாத இடமாகப் பார்த்து. "குத்தும்போதெல்லாம் சொல்லுங்க, எந்தக் கால்னும் சொல்லுங்க."

வலது பெருவிரல் நுனியில் இழை வளைந்தது. அப்பா காத்துக்கொண்டிருந்தார். பந்துப் பகுதிக்குப் பக்கத்தில் வளைந்தது. காத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கையை எடுத்துவிட்டு, எதையும் தொடாமல் சும்மா நின்றார். "இப்ப வலது கால்ல" என்றார் அப்பா, நம்பிக்கையோடு. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன் மாதிரி ஊகித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் அவருக்கே தெரியாமல். "தெரியுதா?" என்று மட்டும் கேட்டிருந்தால் முக்கால்வாசி நேரம் தெரிகிறது என்றுதான் சொல்லியிருப்பார். தொடாமலும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். இசைக்கவை என்று பள்ளியில் படித்தோமே, அதைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தார்கள். "ஜில்லுனு கூட இல்லையே, வச்சுட்டீங்களா?" என்றார். மணிக்கட்டில் வைத்ததும் கையை உதறினார்.

ஏன் பாதத்தில் மட்டும் என்று கேட்டேன். பாதத்துக்கு உணர்ச்சி கொண்டுவரும் நரம்புச் செல்லின் உடல் இடுப்பெலும்புக்கு அருகில், முதுகெலும்போடு ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து பெருவிரல் நுனிவரை ஒரே இழை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், தலைமயிரைவிட மெல்லியது. அந்த நுனிக்கு வேண்டிய சரக்கெல்லாம் மேலேயிருந்து போய்ச்சேர வேண்டும். வருடக்கணக்காகச் சர்க்கரை கூடினால் நரம்பும் கெடுகிறது, நரம்புக்குச் சோறு போடும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. கடைக்கோடிக்குத்தான் முதலில் தண்ணீர் வராது, மும்பைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் மரமரப்பு விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸ் போடுகிற மாதிரி இரண்டு காலிலும் சமமாக மேலே ஏறுகிறது. முழங்காலை எட்டும் சமயத்தில் கைவிரல் நுனியில் தொடங்கும், ஏனென்றால் அந்த நரம்பும் ஏறக்குறைய அதே நீளம்தான்.

உணர்ச்சி நரம்பு மட்டும் போகவில்லை என்பதையும் அவர் காட்டினார். பாதத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளை ஆட்டும் நரம்பும் தளர்ந்திருந்தது. அதனால் அப்பாவின் விரல்கள் பருந்தின் நகம் மாதிரி மடங்கியிருந்தன, நான் அதை வயசு என்று நினைத்திருந்தேன். விரல் மடங்கும்போது பந்துப் பகுதியின் எலும்பு கீழே துருத்திக்கொள்ளும், அதன் அடியில் மெத்தை மாதிரி இருக்கும் கொழுப்பு முன்னால் நகர்ந்துவிடும். வியர்வையைக் கவனிக்கும் நரம்பும் போய்விட்டதால் தோல் காய்ந்து கெட்டியாகும். துருத்திய எலும்பு, மெத்தை இல்லை, காய்ந்த தோல். தினமும் நடக்கிற நடை. உடம்பு அங்கே காய்ப்பு போடும். காய்ப்பு பாதுகாப்பு என்றுதான் நாம் நினைக்கிறோம், உணர்ச்சியுள்ள காலில் ஓரளவுக்கு அது சரியும்கூட. மரத்த காலில் அது செருப்புக்குள் கிடக்கும் கல். அப்பா அதற்குமேல் மெடிக்கல் ஷாப்பில் கார்ன் கேப் வேறு வாங்கி ஒட்டியிருக்கிறார். அதில் இருப்பது தோலைக் கரைக்கும் அமிலம். வலிக்கிறவன் சுரீரென்றதும் பிய்த்துப் போட்டுவிடுவான்.

வேலூரிலிருந்து ஒரு சேதி

இதையெல்லாம் தேடிப் படிக்கும்போதுதான் பால் பிராண்ட் பற்றித் தெரிந்துகொண்டேன். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்தவர், சர்ஜனாகி 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். விரல் தானாக அழுகுவதில்லை, நோய் நரம்பைக் கொன்றுவிடுவதால் அவர்கள் சுடுபாத்திரத்தைத் தூக்குகிறார்கள், ஆணியைப் பிடிக்கிறார்கள், காயத்தின்மேலேயே வேலை செய்கிறார்கள், சேதம் அப்படித்தான் வருகிறது என்று அவர் நோயாளிகளோடு கூடவே இருந்து கண்டுபிடித்தார். ராத்திரியில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் தூங்கியவர்கள் இருந்தார்கள், அதனால் வீட்டுக்குப் போகிறவர்களிடம் பூனை கொடுத்தனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறார். தரைத்தளத்தில் குடியிருக்கும் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. பிறகு அவர் அமெரிக்காவில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அதே புண், அதே இடத்தில், சர்க்கரை நோயாளிகளுக்கும் வருவதைப் பார்த்தார்கள். நோய் வேறு, மரத்த கால் ஒன்றுதான்.

அவர் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடிபட்டது நொண்டுவதைப் பற்றியது. போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனேன். அரை மணியில் சுண்டுவிரல் பக்கம் உறுத்தியது. நான் யோசித்து ஒன்றும் செய்யவில்லை, ஆனால் என் நடை மாறிவிட்டது. பாரத்தைக் குதிகாலுக்குத் தள்ளினேன், விரலைச் சுருக்கினேன், நாற்காலியைத் தேடினேன், சாப்பிடும்போது செருப்பைக் கழற்றினேன். நல்ல கால் என்பது இப்படி நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக நொண்டிக்கொண்டே இருக்கிறது, நமக்கே தெரியாமல். ஒரே இடத்தில் ஆயிரம் தடவை அடி விழ அது விடாது. அப்பாவின் கால் நொண்டவில்லை. செம்பூர் முருகனுக்கு 108 படி, மாதாமாதம் கிருத்திகைக்கு வெறுங்காலோடு, ஒவ்வொரு படியிலும் முன்பாதத்தை ஊன்றி, அதே எலும்பு, அதே தோல், கொஞ்சமும் நடை மாறாமல். யாரும் அவரைப் பார்த்து, "என்ன, கால்ல ஏதாவது?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவ்வளவு நன்றாக நடந்தார்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அந்தக் கால் அழவில்லை. போதாததற்கு அதைப் பார்க்கவும் ஆள் இல்லை. அம்மா இருந்தவரை ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள், பாதத்தில் என்ன மாற்றம் வந்தாலும் அவள் கைக்குத் தெரிந்திருக்கும். அம்மா போய் நான்கு வருடம். அப்பாவுக்குத் தொப்பை, இடது கண்ணில் புரை, தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது. நானும் ஆபீஸ் விட்டு வந்ததும், "சுகர் எவ்வளவு? மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பேனே தவிர, நான்கு வருடத்தில் ஒருநாள்கூட அவர் உள்ளங்காலைப் பார்த்ததில்லை. அண்ணன் சொன்ன அலட்சியம் எங்கள் வீட்டில் யாரிடம் இருந்தது என்று யோசித்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

மாவுக்கட்டு

மூன்று வாரமாக ஆறாத புண்ணுக்கு மருந்து எது என்று நான் எதிர்பார்த்தேனோ அது வரவில்லை. டாக்டர் களிம்பை மாற்றவில்லை. "இந்தப் புண்ணு மேல அவர் நடக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். பாரம் பாதத்தின் பக்கங்களுக்குப் பிரியும்படி ஒரு பூட்ஸ் கொடுத்தார், கழற்றி மாட்டிக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்துப் போனால் புண் ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருங்கவில்லை. அப்பா சத்தியம் செய்தார், எப்போதும் போட்டிருக்கிறேன் என்று. நான் வாயைத் திறந்தேன். சாமி ஷெல்ஃபுக்கு முன்னால் கழற்றுகிறார், ராத்திரி பாத்ரூமுக்கு நான்கு தடவை வெறுங்காலில் போகிறார், வீட்டுக்குள்ளே எதுக்கு என்கிறார். டாக்டர் கோபிக்கவில்லை. அமெரிக்காவில் இதேபோல் பூட்ஸ் கொடுத்து, பூட்ஸிலும் இடுப்பிலும் அடிகளை எண்ணும் கருவி கட்டிப் பார்த்திருக்கிறார்கள். நடந்த அடிகளில் நூற்றுக்கு 28 மட்டுமே பூட்ஸோடு நடந்தவை. வலிக்கிறவனுக்குப் பூட்ஸைக் கழற்றினால் வலி ஞாபகப்படுத்தும். இவருக்கு எது ஞாபகப்படுத்தும்?

அதனால் மாவுக்கட்டு. முழங்காலுக்குக் கீழேயிருந்து விரல்வரை, பஞ்சு அதிகம் வைக்காமல் காலின் வடிவத்தோடு ஒட்டி. காலும் கெண்டைக்காலும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும், புண்ணின்மேல் வந்து குவியாது. அதைவிட முக்கியம், கழற்ற முடியாது. ஆனால் இதிலும் அதே வம்பு ஒளிந்திருக்கிறது. கட்டு தளர்ந்து உள்ளே உரசினால் புதுப் புண் வரும், அதுவும் வலிக்காது. எலும்பு முறிந்தவனுக்குக் கட்டு உறுத்தினால் கத்துவான், இவர் கத்தமாட்டார். அதனால் முதல் கட்டை மூன்றாம் நாளே பிரித்துப் பார்த்தார்கள், வீக்கம் வடிந்து கட்டு லூஸாகியிருந்தது, மாற்றிக் கட்டினார்கள். அப்புறம் வாராவாரம். எனக்குக் கொடுத்த வேலை: கட்டில் ஈரம் ஊறுகிறதா, நாற்றமா, காய்ச்சலா, சர்க்கரை ஏறுகிறதா என்று பார். "வலிக்குதான்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

மூன்றாவது வாரமே புண்ணின் தரை மேலே வந்து சிவப்பாகக் குருணை குருணையாக இருந்தது. எட்டாவது வாரம் மூடிவிட்டது. நான் அழுதேன், அப்பா, "இதுக்குப் போயி" என்றார். டாக்டர் மட்டும் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. இப்படி ஆறிய புண் நூற்றில் நாற்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. எலும்பு துருத்தியது துருத்தியதுதான், நரம்பு போனது போனதுதான், தோல் மட்டும்தான் மூடியிருக்கிறது. புண் ஆறியது என்று சொல்லாதீர்கள், இப்போதைக்கு மூடியிருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார்.

இப்போது அப்பாவுக்கு எம்.சி.ஆர். செருப்பு. மெத்தென்ற ரப்பர், பின்னால் வார், கழன்று போகாது. தொழுநோயாளிகளுக்காக நம் நாட்டில் பரவலான செருப்பு அது, ஆரம்பத்தில் அதைப் போட அப்பாவுக்கு அவமானமாக இருந்தது, ஊரில் எல்லோருக்கும் அந்தச் செருப்பு தெரியும் என்பார். வீட்டுக்குள் ஒரு ஜோடி, வெளியே ஒரு ஜோடி. மாதம் ஒருமுறை காய்ப்பைச் சீவிவிட்டு வருகிறோம். கோவிட் சமயத்தில் வாங்கிய துப்பாக்கி தெர்மாமீட்டர் சும்மா கிடந்தது, அதைப் பொருளின் சூடு பார்க்கும் முறைக்கு மாற்றி இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஒன்றைவிட மற்றொன்று 4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடாக இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் நடையை நிறுத்திவிட்டுப் போன் செய்ய வேண்டும். தோல் உடைவதற்கு முன்னால் உள்ளே சூடு கிளம்பும், வலிக்குப் பதிலாக நமக்கு மிச்சம் இருக்கும் சிக்னல் அதுதான். படிக்கட்டு விஷயத்தில்தான் இன்னும் சமரசம் ஆகவில்லை. கிருத்திகைக்குக் கீழேயே நின்று கும்பிடுகிறார். முருகனே ஒருநாள் இறங்கி வரட்டும் என்கிறார், கோபமா கிண்டலா தெரியவில்லை.

போன வாரம் ராத்திரி பத்து மணி இருக்கும். ஹாலிலிருந்து, "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டார். அம்மாவின் பழைய முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தினமும் உட்காருகிற மாதிரி. பாதம் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் வெளியே போடும் செருப்பைக் கவிழ்த்து வைத்திருந்தார். அதன் அடியில் ஒரு குண்டூசி ஆணி, நோட்டீஸ் போர்டில் குத்துவோமே, அது தலைவரைக்கும் ஏறியிருந்தது. செருப்பைத் திருப்பி, உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். முனை லேசாகத் தட்டுப்பட்டது, மேலே வர ஒரு நூல் அளவுதான் பாக்கி. எப்போது குத்தியது என்று கேட்டேன். அப்பா கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

குறடு எடுக்கப் போனேன்.